இரண்டு லட்சம் ஜாயினிங் போனஸ்: கைக்கு எவ்வளவு மிஞ்சும்?

2025 ஜூலை மாதத்தின் கடைசி நாள். இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரும் நேரத்தில் அக்கா மகளிடமிருந்து போன் வந்தது. அந்த மாதம் முதல் தேதிதான் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்திருந்தாள். முதல் சம்பளம் அன்று மாலை வங்கிக் கணக்குக்கு வந்திருந்தது.

"மாமா, ஜாயினிங் போனஸ் ரெண்டு லட்சம்னு ஆஃபர் லெட்டர்லயே போட்டிருக்கு. ஆனா சம்பளத்தையும் சேர்த்தே ரெண்டு லட்சத்து இருபத்தோராயிரத்துச் சொச்சம்தான் வந்திருக்கு. தொண்ணூறாயிரத்துக்கு மேல காணோம். எதையோ தப்பா பிடிச்சிட்டாங்க போல."

பேஸ்லிப்பை வாட்ஸப்பில் அனுப்பச் சொன்னேன். பல வருடங்கள் சம்பளப் பட்டியல் போடும் பிரிவில் வேலை பார்த்தவன் நான். எந்த வரியை முதலில் பார்க்க வேண்டும் என்பது கைப்பழக்கமாகவே வந்துவிட்டது. வரவுப் பக்கத்தில் மாதச் சம்பளம் 1,15,000, ஜாயினிங் போனஸ் 2,00,000. பிடித்தப் பக்கத்தில் பி.எஃப். 1,800, வருமான வரி 91,260. கைக்கு 2,21,940.

நிறுவனம் எதையும் தப்பாகப் பிடிக்கவில்லை. அந்த 91,260 ரூபாய் கடைசிக் காசு வரை சரியான கணக்கு. ஆனால் அது அவளுக்குப் புரிய அன்று ஒரு மணி நேரம் ஆனது. அதைவிடப் பெரிய விஷயம், பன்னிரண்டு மாதத்துக்குள் வேலையை விட்டால் முழு இரண்டு லட்சத்தையும் திருப்பித் தர வேண்டும் என்று அதே ஆஃபர் லெட்டரில் இருந்த ஒரு வரி. அதன் முழு அர்த்தமும் அவளுக்குப் புரிந்தது அடுத்த ஏப்ரலில்தான். ஜாயினிங் போனஸ் வாங்கப் போகிறவர்கள், வாங்கியவர்கள் எல்லோருக்கும் இந்தக் கணக்கு ஏதோ ஒரு வடிவில் பொருந்தும். அதனால் அவளுடைய எண்களை வைத்தே சொல்கிறேன்.

வரி ஏன் இவ்வளவு?

ஜாயினிங் போனஸ் பரிசு அல்ல. வேலைக்குச் சேர்வதற்காக நிறுவனம் தருகிற எந்தப் பணமும் வருமான வரிச் சட்டத்தின் கண்ணில் சம்பளம்தான். அதற்கென்று தனி வரி விகிதம் கிடையாது. அந்த நிதியாண்டில் வாங்கிய மற்ற சம்பளத்தின் மேல் போய் உட்காரும். ஆகவே, போனஸுக்கு எவ்வளவு வரி என்று தெரிய வேண்டுமானால், அது இல்லாமல் அந்த ஆண்டின் வரி எவ்வளவு, சேர்த்தால் எவ்வளவு என்று இரண்டு முறை கணக்குப் போட்டு வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும்.

என் அக்கா மகள் ஏப்ரல் முதல் ஜூன் வரை பழைய நிறுவனத்தில் மாதம் 75,000 வாங்கினாள். மூன்று மாதத்துக்கு 2,25,000. புதிய நிறுவனத்தில் ஜூலை முதல் மார்ச் வரை ஒன்பது மாதம், மாதம் 1,15,000 வீதம் 10,35,000. இரண்டும் சேர்ந்து 12,60,000. சம்பளக்காரர்களுக்குப் புதிய வரிமுறையில் கிடைக்கும் நிலையான கழிவு 75,000. அதைக் கழித்தால் வரிக்குரிய வருமானம் 11,85,000.

2025-26 நிதியாண்டில் வரிக்குரிய வருமானம் 12 லட்சத்தைத் தாண்டாவிட்டால், 87ஏ பிரிவின் தள்ளுபடியால் சம்பளக்காரர் கட்ட வேண்டிய வரி பூஜ்யம். அவள் கோட்டுக்கு 15,000 ரூபாய் கீழே இருந்தாள். போனஸே வராமல் இருந்திருந்தால் ஆண்டு முழுவதும் ஒரு ரூபாய்கூட வரி கிடையாது.

இதன் மேல் இரண்டு லட்சம் வந்து உட்கார்ந்ததும் வரிக்குரிய வருமானம் 13,85,000 ஆனது. கோட்டைத் தாண்டியாயிற்று. தாண்டிய பகுதிக்கு மட்டும் வரி என்று நினைக்கிறவர்கள் அதிகம். அப்படி இல்லை. தள்ளுபடியே போய்விடுவதால், அதுவரை மறைந்திருந்த கீழ் அடுக்கு வரி முழுவதும் எழுந்து வந்துவிடும். 4 லட்சம் முதல் 8 லட்சம் வரைக்கு 5 சதவீதம், 20,000 ரூபாய். 8 முதல் 12 லட்சம் வரைக்கு 10 சதவீதம், 40,000. மீதி 1,85,000-க்கு 15 சதவீதம், 27,750. ஆக 87,750. அதன் மேல் 4 சதவீதம் செஸ் 3,510. மொத்தம் 91,260.

அதாவது, போனஸ் இல்லாவிட்டால் பூஜ்யம். போனஸ் வந்ததால் 91,260. இரண்டு லட்சத்தில் அவள் கைக்கு நிஜமாக வந்தது 1,08,740. கிட்டத்தட்ட 46 சதவீதம் வரிக்கே போயிற்று. நாட்டின் உச்ச அடுக்கே 30 சதவீதம்தான் என்கிறபோது இது எப்படி என்று கேட்டாள். விகிதம் 15 சதவீதம்தான்; இழந்த தள்ளுபடிதான் மீதி என்றேன். கோட்டை மிகச் சிறிதளவே தாண்டுகிறவர்களுக்குச் சட்டத்தில் ஓரளவு நிவாரணம் உண்டு. தாண்டிய தொகையைவிட வரி அதிகமாகிவிடாமல் அது பார்த்துக்கொள்ளும். ஆனால் சுமார் 12,70,000 வரைதான் அந்த நிவாரணம். இவள் அதையும் தாண்டிவிட்டாள்.

எல்லோருக்கும் இப்படி ஆகாது. போனஸையும் சேர்த்து வரிக்குரிய வருமானம் 12 லட்சத்துக்குள்ளேயே நிற்கிறவருக்கு முழு இரண்டு லட்சமும் கைக்கு வரும். ஏற்கெனவே 24 லட்சத்துக்கு மேல் இருக்கிறவருக்கு செஸ்ஸும் சேர்த்து 31.2 சதவீதம், அதாவது 62,400 போகும். கோட்டுக்குச் சற்றுக் கீழே இருந்து போனஸால் தூக்கி மேலே வைக்கப்படுகிறவர்களுக்குத்தான் அடி பலமாக விழுகிறது. ஐந்தாறு வருட அனுபவத்தோடு ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிற பலர் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள்.

ஒரே மாதத்திலா, மாதாமாதமா?

அடுத்த வாரம் இன்னொரு சந்தேகத்தோடு வந்தாள். கூடப் படித்த தோழி ஒருத்தி வேறு நிறுவனத்தில் கிட்டத்தட்ட இதே சம்பளத்துக்கு, இதே போனஸுக்குச் சேர்ந்திருக்கிறாள். அவளுக்கு முதல் மாதம் மூன்று லட்சத்துக்கு மேல் வந்ததாம். "அவளுக்கு மட்டும் எப்படி மாமா?"

2025-26-இல் சம்பளத்தில் வரி பிடித்தது 192-ஆம் பிரிவின்படி. ஆண்டு முழுவதற்குமான வருமானத்தை நிறுவனம் மதிப்பிட வேண்டும். அதற்கான வரியைச் சராசரி விகிதத்தில் சம்பளம் தரும்போதெல்லாம் பிடிக்க வேண்டும். கூடக்குறைய வந்தால் ஆண்டுக்குள்ளேயே சரிசெய்துகொள்ளலாம். இந்தச் சரிசெய்தலை நிறுவனங்கள் இரண்டு விதமாகச் செய்கின்றன. சில நிறுவனங்களின் பேரோல் மென்பொருள், ஒருமுறை மட்டும் வரும் தொகைக்கான வரி முழுவதையும் அந்த மாதமே பிடித்துவிடும். போனஸ் வாங்கிக்கொண்டு ஆள் இடையில் போய்விட்டால் வரி பிடிக்க முடியாமல் போகுமே என்ற முன்னெச்சரிக்கை அது. வேறு சில நிறுவனங்கள் மார்ச் வரை உள்ள மாதங்களுக்குச் சமமாகப் பங்கிட்டுப் பிடிக்கும்.

இவள் கணக்கை இரண்டாவது முறையில் போட்டுப் பார்ப்போம். 91,260-ஐ ஒன்பது மாதத்துக்குப் பங்கிட்டால் மாதம் 10,140. ஜூலையில் கைக்கு 3,03,060 வந்திருக்கும். ஆனால் ஆகஸ்ட் முதல் மார்ச் வரை ஒவ்வொரு மாதமும் 1,13,200-க்குப் பதில் 1,03,060தான் வரும். முதல் முறையில் ஜூலையில் 2,21,940 வந்துவிட்டு, ஆகஸ்ட் முதல் 1,13,200 குறையாமல் வரும். ஒன்பது மாதத்தையும் கூட்டிப் பாருங்கள். இரண்டிலும் 11,27,540. ஒரு ரூபாய்கூட வித்தியாசம் இல்லை.

ஆகவே ஒரே மாதத்தில் பிடித்தது இவளுக்கு நஷ்டம் இல்லை. சொல்லப்போனால் ஒரு நன்மை இருந்தது. மாதாமாதம் எவ்வளவு வரும் என்பது ஆகஸ்ட்டிலேயே அவளுக்குத் தெளிவாகத் தெரிந்துவிட்டது. பங்கிட்டுப் பிடிக்கும் நிறுவனத்தில் சேர்ந்தவர்கள் முதல் மாதப் பணத்தைப் பார்த்து இஎம்ஐ போட்டுவிடுகிறார்கள். ஆகஸ்ட்டில் பத்தாயிரம் குறையும்போது திகைக்கிறார்கள்.

இரண்டு முறையையும்விட ஆபத்தான மூன்றாவது ஒன்று உண்டு. பழைய நிறுவனத்தில் வாங்கிய சம்பளத்தைப் புதிய நிறுவனத்துக்குத் தெரிவிக்காமல் விடுவது. 2025-26-இல் அதைத் தெரிவிப்பதற்கு இருந்த படிவம் 12பி. சேர்ந்த முதல் வாரம் கொடுக்கும் காகிதக் கட்டில் இதுவும் இருக்கும். பலர் நிரப்புவதில்லை. இவள் நிரப்பாமல் விட்டிருந்தால் புதிய நிறுவனத்தின் கண்ணில் ஆண்டு வருமானம் 10,35,000-உம் போனஸ் இரண்டு லட்சமும்தான். நிலையான கழிவு போக 11,60,000. கோட்டுக்குக் கீழே. வரி பூஜ்யம். முழு இரண்டு லட்சமும் கைக்கு வந்திருக்கும். தோழியைவிடத் தனக்கு அதிகம் வந்தது என்று சந்தோஷப்பட்டிருப்பாள். அடுத்த ஜூலையில் ரிட்டர்ன் தாக்கல் செய்ய உட்காரும்போது இரண்டு நிறுவனச் சம்பளமும் ஒன்றாகச் சேரும். அப்போது 91,260 ரூபாயும், முன்கூட்டிக் கட்டாததற்கான வட்டியும் மொத்தமாகக் கேட்கும். புது வேலைக்கு மாறிய ஆண்டில் பெரிய போனஸுக்குக் கொஞ்சம்கூட வரி பிடிக்கப்படவில்லை என்றால், மகிழ்வதற்கு முன் பழைய சம்பளத்தைத் தெரிவித்தோமா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

மாதக் கணக்கில் போனஸின் மதிப்பு

நேர்முகத் தேர்வு முடிந்து சம்பளம் பேசும்போது ஹெச்.ஆர். சொன்னது இது: "மாசச் சம்பளத்துல இதுக்கு மேல ஏத்த முடியாது. அதுக்குப் பதிலா ரெண்டு லட்சம் ஜாயினிங் போனஸ் தர்றோம். மாசத்துக்குப் பதினாறாயிரத்துக்கு மேல வருது பாருங்க." இரண்டு லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் 16,667. கணக்கு சரி, ஆனால் அது வரிக்கு முந்திய கணக்கு. கைக்கு வந்த 1,08,740-ஐப் பன்னிரண்டால் வகுத்தால் சுமார் 9,060. அவள் பன்னிரண்டு மாதம் முழுதாக இருந்தால் அந்தப் போனஸின் நிஜ மதிப்பு அவ்வளவுதான். அடுத்த வருடம் அதுவும் கிடையாது.

இதே இரண்டு லட்சத்தை ஜூலைக்குப் பதில் அடுத்த ஏப்ரலில் தருவதாக லெட்டரில் எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 2025-26-க்கு அவள் வரி பூஜ்யம். அடுத்த நிதியாண்டில் பன்னிரண்டு மாதச் சம்பளமே 13,80,000. கழிவு போக 13,05,000. எப்படியும் கோட்டைத் தாண்டிய வருடம் அது, தள்ளுபடி கிடையாது. அதன் மேல் இரண்டு லட்சம் வந்தால், இதே அடுக்குகளை வைத்துக் கணக்கிட்டால், கூடுதல் வரி 15 சதவீதமும் செஸ்ஸும் மட்டுமே, அதாவது 31,200. ஒன்பது மாதம் காத்திருந்தால் 60,060 ரூபாய் மிஞ்சியிருக்கும்.

இதில் ஒரு நுணுக்கம். சம்பளம் கைக்கு வரும்போது மட்டுமல்ல, தர வேண்டிய நாள் வந்துவிட்டாலே வரி உண்டு. இரண்டில் எது முந்தியதோ அது. லெட்டரில் 'முதல் மாதச் சம்பளத்தோடு' என்று எழுதிவிட்டு, பிறகு வாய்வார்த்தையாக ஏப்ரலில் வாங்கிக்கொள்கிறேன் என்றால் பயன் இல்லை. கையெழுத்துப் போடும் முன்பே லெட்டரில் மாதத்தை மாற்றி வாங்க வேண்டும்.

திருப்பித் தரும்போது

2026 ஏப்ரல் தொடக்கத்தில் அவளுக்கு இன்னொரு நிறுவனத்திலிருந்து நல்ல ஆஃபர் வந்தது. மாதம் 1,40,000. ஜூன் முதல் தேதி சேரச் சொன்னார்கள். மே கடைசியில் இங்கிருந்து விடுபட்டால் சரியாக இருக்கும் என்று கணக்குப் போட்டாள். பன்னிரண்டு மாதம் முடிய ஒரு மாதம் பாக்கி. "ரெண்டு லட்சம் திருப்பித் தரணும்னு இருக்கு மாமா. ஆனா எனக்கு வந்ததே ஒரு லட்சத்து எட்டாயிரம்தானே? அதைத்தானே தரணும்?"

இந்தக் கேள்வியைத்தான் இவ்வளவு வருடமும் ஒவ்வொருவரும் கேட்டார்கள். லெட்டரை எடுத்துப் படிக்கச் சொன்னேன். 'நிறுவனம் வழங்கிய ஜாயினிங் போனஸ் தொகை முழுவதையும்' என்று இருந்தது. நிறுவனம் வழங்கியது இரண்டு லட்சம். அதில் 91,260-ஐ நிறுவனம் தன்னிடம் வைத்துக்கொள்ளவில்லை. அவள் பான் எண்ணில் அரசாங்கத்துக்குக் கட்டிவிட்டது. நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தில் செலவு இரண்டு லட்சம்தான். அதனால் இரண்டு லட்சத்தைத்தான் கேட்பார்கள்.

அப்படியானால் அந்த வரி? இங்கேதான் தேதி எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

அவள் அதே நிதியாண்டுக்குள், உதாரணமாக ஜனவரியில், விலகியிருந்தால் கதை வேறு. நிறுவனம் கடைசிக் கணக்கு முடிக்கும்போது இரண்டு லட்சத்தை வரவுப் பக்கத்திலேயே கழித்து எழுதும். அந்த ஆண்டின் சம்பளத்திலேயே அந்தத் தொகை இல்லாமல் போய்விடும். படிவம் 16-லும் அது இருக்காது. பிடித்த வரி அவள் பான் கணக்கில் அப்படியே நிற்கும்; ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது அந்த ஆண்டுக்கு உரிய வரி போக மீதியைத் திரும்பப் பெறலாம். சில மாதங்களுக்குக் கை வறளும். ஆனால் போனஸுக்கான வரி நிரந்தரமாகப் போய்விடாது.

மே மாதத்தில் விலகினால், மார்ச் 31-ஐத் தாண்டிவிட்டோம். போனஸ் போன ஆண்டின் வருமானம். அந்த ஆண்டின் கணக்கு மூடியாயிற்று. நிறுவனம் வரிப் பிடித்தக் கணக்கையும் ஒப்படைத்திருக்கும். படிவம் 16-இல் இரண்டு லட்சமும் ஏறிவிட்டது. திருப்பித் தருவது இந்த ஆண்டில் நடக்கும் சம்பவம். வாங்கிய சம்பளத்தை அடுத்த ஆண்டில் திருப்பித் தந்தால் பழைய வரியைத் தானாகவே திருப்பித் தரும்படி சட்டத்தில் தெளிவான ஏற்பாடு கிடையாது.

அவளுடைய மே மாதக் கணக்கை அன்றே ஒரு தாளில் போட்டுக் காட்டினேன். மே சம்பளம் கைக்கு வர வேண்டியதைப் போல கிட்டத்தட்ட இரண்டு மடங்கு அவர்கள் பிடிக்க வேண்டியது. முழுச் சம்பளத்தையும் பிடித்த பிறகும் சுமார் தொண்ணூறாயிரம் ரூபாய் அவள் சேமிப்பிலிருந்து கட்டினால்தான் ரிலீவிங் லெட்டர் வரும். இன்னும் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால், ஜூலையில் கைக்கு வந்தது 1,08,740. மே மாதத்தில் திருப்பித் தருவது 2,00,000. நிகர இழப்பு 91,260. பதினோரு மாதத்துக்குப் பங்கிட்டால் மாதம் சுமார் 8,300.

அதாவது, அந்தப் போனஸையே வாங்காமல் அந்த வேலையில் சேர்ந்திருந்தால் அவள் மாதாமாதம் 8,300 ரூபாய் அதிகம் வைத்திருப்பாள். பன்னிரண்டு மாதம் இருந்தால் மாதத்துக்கு 9,060 லாபம். பதினோரு மாதத்தில் போனால் மாதத்துக்கு 8,300 நஷ்டம். நடுவில் இருப்பது ஒரே ஒரு மாதம்.

பாதியாவது மீளுமா?

இழப்பைக் குறைக்க ஒரு வழி உண்டு; அது நிறுவனத்தின் பேரோல் பிரிவு கையில் இருக்கிறது. கடைசிக் கணக்குத் தாளில் போனஸ் மீட்பு எந்தப் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். வரவுப் பக்கத்தில், சம்பளத்துக்குக் கீழே கழித்தல் குறியோடு இருந்தால், இந்த ஆண்டின் வரிக்குரிய சம்பளம் அந்த அளவு குறைகிறது. பிடித்தப் பக்கத்தில், பி.எஃப்.-க்கும் கேன்டீன் பாக்கிக்கும் பக்கத்தில் இருந்தால், வரிக்குரிய சம்பளம் குறையவில்லை. கடன் பாக்கியைப் போல அதை வசூலிக்கிறார்கள் என்று பொருள்.

என் அக்கா மகளின் ஏப்ரல், மே சம்பளம் 2,30,000. மீட்பு வரவுப் பக்கம் வந்தால் இந்த நிறுவனத்திலிருந்து அந்த ஆண்டு அவளுக்கு வந்த சம்பளம் 30,000 என்றே நிறுவனத்தின் வரிச் சான்றிதழ் சொல்லும். புதிய வேலையின் பத்து மாதச் சம்பளம் 14 லட்சத்தோடு அதைச் சேர்க்கும்போது, இரண்டு லட்சம் குறைந்ததால் 31,200 ரூபாய் வரி மிஞ்சும். 91,260 கட்டிய இடத்தில் 31,200 மீளும். மீதி 60,060 போனதுதான்.

இப்படிக் கழிக்கப் பல நிறுவனங்கள் ஒப்புக்கொள்வதில்லை. நோட்டீஸ் காலத்துக்காகச் சம்பளத்தில் பிடித்துக்கொண்ட தொகை ஊழியரின் வருமானம் ஆகாது என்று ஆமதாபாத் வருமான வரித் தீர்ப்பாயம் 2017-இல் சொல்லியிருக்கிறது. ஆனால் அது அதே சம்பளத்திலிருந்து பிடித்ததைப் பற்றியது. போன ஆண்டு வாங்கி வரி கட்டிய போனஸை இந்த ஆண்டு திருப்பித் தருவது வேறு விஷயம். ரிட்டர்னில் நாமாகக் கழித்துக் காட்டினால் நிறுவனத்தின் வரிச் சான்றிதழோடு பொருந்தாது, நோட்டீஸ் வரலாம். அந்தப் பாதையில் போகிறவர்கள் ஆடிட்டர் ஒருவரோடு உட்கார்ந்து, திருப்பிக் கட்டியதற்கான வங்கி ஆதாரத்தையும் நிறுவனத்தின் கடிதத்தையும் வைத்துக்கொண்டு முடிவு செய்ய வேண்டும்.

புதிய நிறுவனமே அந்த இரண்டு லட்சத்தைக் கொடுத்துவிடுகிறேன் என்று சொல்வதும் உண்டு. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அவர்கள் தருவதும் சம்பளம்தான்; அதற்கும் வரி பிடித்துத்தான் தருவார்கள். இரண்டு லட்சம் கட்ட வேண்டிய இடத்தில் ஒன்றரை லட்சத்துக்குச் சற்று மேல்தான் கைக்கு வரும். ஏற்கெனவே இழந்த 91,260-ஐப் பற்றி அதில் பேச்சே இல்லை.

மீட்புத் தொகையோடு 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்துக் கேட்ட ஒரு கணக்குத் தாளை நான் பார்த்திருக்கிறேன். அப்படிக் கேட்டால் மறுக்கலாம். குறிப்பிட்ட காலத்துக்கு முன் விலகும் ஊழியரிடம் வசூலிக்கும் பாண்டு தொகைக்கும் நோட்டீஸ் சம்பளத்துக்கும் ஜிஎஸ்டி கிடையாது என்று மத்திய மறைமுக வரி வாரியம் 2022 ஆகஸ்ட் 3-ஆம் தேதிச் சுற்றறிக்கையில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

இந்த ஷரத்தே செல்லாது என்று நம்பிக் கட்டாமல் போய்விடலாம் என்று சிலர் சொல்வார்கள். அதை நம்பி இறங்க வேண்டாம். மூன்று வருடத்துக்கு முன் விலகினால் இரண்டு லட்சம் கட்ட வேண்டும் என்ற விஜயா வங்கியின் ஷரத்தை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் செல்லும் என்று சொன்னது. அதுகூடப் போட்டித் தேர்வு நடத்தி ஆளெடுக்கும் செலவுக்காக விதித்த இழப்பீடு. இங்கே திருப்பிக் கேட்பது கையிலேயே கொடுத்த பணம்.

லெட்டரில் பார்க்க வேண்டிய சொற்கள்

அன்று இரவு அவள் லெட்டரின் அந்தப் பத்தியை வார்த்தை வார்த்தையாகப் படித்தோம். போனஸ் மாதத்துக்குப் பன்னிரண்டில் ஒரு பங்காகக் கழிந்துகொண்டே வரும் என்று எழுதியிருந்தால், பதினோரு மாதம் முடித்தவள் 16,667 மட்டும் தந்தால் போதும். அவள் கையில் 92,000 ரூபாய் மிஞ்சியிருக்கும். அவள் லெட்டரில் அது இல்லை; முழுத்தொகை என்றுதான் இருந்தது. ஆஃபர் பேசும்போது தொகையைக் கூட்டச் சொல்லிக் கேட்பதைவிட, இந்த ஒரு வாசகத்தை மாற்றக் கேட்பது பலருக்கு அதிகப் பணத்தைக் காப்பாற்றும். 'வரி போகக் கைக்கு வந்த தொகை' என்று மாற்ற நிறுவனங்கள் தயங்கும். மாத விகிதத்தில் கழிப்பதற்கு ஒப்புக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

அடுத்து, பன்னிரண்டு மாதம் எந்த நாளிலிருந்து? சேர்ந்த நாளிலிருந்தா, போனஸ் வந்த நாளிலிருந்தா? எந்த நாள் வரை? ராஜினாமா மெயில் அனுப்பிய நாளா, கடைசி வேலை நாளா? சில லெட்டர்களில் பன்னிரண்டு மாதத்துக்குள் ராஜினாமா கடிதம் கொடுத்தாலே ஷரத்து பாயும். இவளுடையதில் 'சேர்ந்த தேதியிலிருந்து பன்னிரண்டு மாதங்களுக்குள் பணியிலிருந்து விடுபட்டால்' என்று இருந்தது. விடுபடும் நாள்தான் கணக்கு. 2026 ஜூன் 30 முடிந்துவிட்டால் அந்தப் பத்தி அவளைத் தொடாது.

ராஜினாமா மெயில் அப்போது டிராஃப்ட்டில்தான் இருந்தது. நோட்டீஸ் காலம் அறுபது நாள். அதை மே மாதம் முதல் வாரம் வரை அனுப்ப வேண்டாம் என்றேன். புதிய நிறுவனத்துக்கு அன்றே எழுதினாள்: ஜூன் முதல் தேதிக்குப் பதில் ஜூலை இரண்டாம் வாரம் சேரலாமா? ஏன் என்று கேட்டார்கள். ஷரத்தைச் சொன்னாள். இரண்டு நாளில் சரி என்று பதில் வந்தது. அவர்களுக்கும் அறுபது, தொண்ணூறு நாள் காத்திருப்பது புதிதல்ல.

அந்த ஒரு மாதத் தாமதத்தில் புதிய வேலையின் கூடுதல் சம்பளம் 25,000-உம் அதற்கு மேல் சில நாள் சம்பளமும் அவளுக்குக் கிடைக்காமல் போகிறது. அதற்குப் பதில் இரண்டு லட்சத்தைத் திருப்பிக் கட்ட வேண்டாம். புதிய நிறுவனம் அனுப்பிய லெட்டரிலும் ஒரு லட்சத்து ஐம்பதாயிரம் ஜாயினிங் போனஸ் இருந்தது. கையெழுத்துப் போடும் முன் எனக்கு அனுப்பியிருந்தாள். நான் திறந்து பார்ப்பதற்குள் அவளே ஹெச்.ஆருக்கு மெயில் போட்டுவிட்டாள், மீட்புப் பத்தியில் 'முழுத்தொகை' என்பதை 'மீதமுள்ள மாதங்களின் விகிதத்தில்' என்று மாற்றித் தரச் சொல்லி.